குரூப்பில் போட்ட மார்க் லிஸ்ட்

கேள்வி: வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். சமச்சீர்ப் பாடத்திட்டம், 27 பிள்ளைகள். ஒவ்வொரு டெஸ்ட் முடிந்ததும் மார்க்கை ரேங்க் வாரியாக எழுதி, ஃபோட்டோ எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது வழக்கம். போன வாரம் கடைசியாக வந்த பெண்ணின் அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் குரூப்பை விட்டுப் போய்விட்டார். நாலு நாளாகப் பெண்ணும் வரவில்லை. லிஸ்ட் போடாவிட்டால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் விடமாட்டார்கள். பெயருக்குப் பதில் நம்பர் போடலாமா? அல்லது முதல் ஐந்து பேரை மட்டும் போடலாமா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

குரூப்பைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஃபோன் வேண்டாம், நேரில் போங்கள். அப்பா, சித்தப்பா எல்லோரும் வீட்டில் இருக்கிற இரவு நேரத்தில் போகாமல், அம்மாவும் பெண்ணும் மட்டும் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். அம்மாவிடம், "லிஸ்ட்டை குரூப்பில் போட்டது என் தப்பு. இனி யார் மார்க்கையும் போட மாட்டேன்" என்று சொன்னால் போதும். "எல்லாருக்கும்தான் போட்டேன்", "அவள் நல்லதுக்குத்தான் செய்தேன்" என்று கூடச் சேர்த்துவிட்டால் மன்னிப்புக் கேட்டதே வீணாகிவிடும். பெண்ணிடம் மார்க் பேச்சை எடுக்காதீர்கள். விடைத்தாளைக் கையோடு கொண்டுபோய், அவள் சரியாகப் போட்ட ஒரு கணக்கைக் காட்டி, அடுத்த வகுப்பில் எதிலிருந்து தொடங்கப் போகிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்றைக்கே குரூப்பில் இதை எழுதுங்கள்:

"பெற்றோருக்கு வணக்கம். இனி டெஸ்ட் மதிப்பெண்களை இந்தக் குரூப்பில் போட மாட்டேன். இதுவரை போட்டது என் தவறு. ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்ணும் அவரவர் பெற்றோருக்குத் தனியாக வரும். பழைய லிஸ்ட் உங்கள் ஃபோனில் இருந்தால் அழித்துவிடுங்கள்."

அந்தப் பெண்ணையோ அவள் அம்மாவையோ நினைவுபடுத்துகிற ஒரு சொல்லும் இதில் வரக்கூடாது. நீங்கள் போட்ட ஃபோட்டோவை 'அனைவருக்கும் நீக்கு' என்று இப்போது நீக்க முடியாது. சில நாள் ஆகிவிட்டால் வாட்ஸ்அப் அதற்கு விடாது. 27 வீட்டு கேலரியிலும் அது கிடக்கிறது. அழித்துவிடச் சொல்லி நாம் கேட்க வேண்டியிருப்பது அதனால்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம்பர் போட்டால் பெயர் மறையாது. ஒரு காலத்தில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் மாலைப் பேப்பரில்தான் வரும். பெயர் இருக்காது, பாஸ் ஆனவர்களின் பதிவெண் மட்டும் வரிசையாக இருக்கும். டீக்கடையில் பேப்பரைப் பிரித்ததுமே எந்த வீட்டுப் பையனின் நம்பர் விட்டுப்போயிருக்கிறது என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு மாவட்டத்துப் பட்டியலே அப்படியென்றால், 27 பேர் இருக்கிற மாடி வகுப்பில் யாருக்கு எந்த நம்பர் என்பது ரகசியமாகவா இருக்கும்? பிள்ளைகள் முதல் நாளே ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவார்கள்.

முதல் ஐந்து பேர் என்பதும் அதே லிஸ்ட்தான், மேல் பாதியை மட்டும் கிழித்து ஒட்டியது. மூன்று டெஸ்ட் ஆனதும் பாருங்கள், அந்த ஐந்து பெயரும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். மற்ற 22 வீட்டிலும் அன்று இரவு, "உன் பேரு ஏன் இல்லை?" என்ற ஒரே கேள்விதான். 36 எடுத்த பிள்ளைக்கு மட்டுமில்லை, 88 எடுத்து ஆறாவதாக வந்த பிள்ளைக்கும் அதே கேள்விதான்.

பெயரே இல்லாத கணக்கும் சில சமயம் காட்டிக்கொடுத்துவிடும். "27 பேரில் 26 பேர் பாஸ்" என்று சந்தோஷமாகப் போடுவோம். அந்த ஒருவர் யார் என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார்கள். "50-க்குக் கீழே எடுத்தவர்களின் பெற்றோர் என்னை வந்து பார்க்கவும்" என்று எழுதினால், உங்கள் வீட்டுப் படியேறுகிறவர்களைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். வகுப்புச் சராசரியையும் நான் குரூப்பில் போடுவதில்லை. சராசரி 64 என்று பார்த்த அப்பாவுக்கு, தன் மகன் 29-லிருந்து 41-க்கு வந்தது கண்ணில் படாது. 64-க்கு இன்னும் 23 குறைகிறது என்பதுதான் படும்.

இதையெல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்த முதல் சில வருடங்கள், விடைத்தாளை மார்க் வரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுப்பேன். போட்டி வரும், படிப்பார்கள் என்று உண்மையாகவே நம்பினேன். ஒரு காலாண்டுத் தேர்வில் என் கையில் கடைசித் தாள் மட்டும் இருந்தது. பெயரைக் கூப்பிட வாயெடுப்பதற்குள், பின் பெஞ்சிலிருந்து அந்தப் பையன் தானே எழுந்து வந்து, கையை நீட்டி வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான். தாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு அடுத்த இரண்டு டெஸ்ட் நாளும் அவனுக்குக் காய்ச்சல். உங்கள் வருகைப் பதிவேட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். டெஸ்ட் அன்று மட்டும் வயிற்றுவலி, காய்ச்சல், ஊரில் விசேஷம் என்று வராமல் போகிற அதே மூன்று நான்கு பேர் இருந்தால், லிஸ்ட் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்படியானால் குரூப்பில் எதைப் போடுவது? டெஸ்ட்டைப் பற்றிப் போடுங்கள், பிள்ளைகளைப் பற்றிப் போடாதீர்கள். நீங்கள் பொதுத்தேர்வு மாதிரியில்தான் 100 மதிப்பெண் தாள் வைப்பீர்கள்: ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, கடைசியில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று என்று எட்டு மதிப்பெண் இரண்டு. அதை வைத்து இப்படி எழுதலாம்:

"சனிக்கிழமை இயற்கணிதம், வடிவியல் பாடங்களில் முழு டெஸ்ட் முடிந்தது. வினாத்தாளும் விடைக்குறிப்பும் இத்துடன் இருக்கின்றன. எட்டு மதிப்பெண் வரைபடத்தில் பலரும் அளவுத்திட்டம் எழுத மறந்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை வகுப்பில் அதை மறுபடி போட்டுக் காட்டுகிறேன். திருத்திய தாள்கள் திங்கள் அன்று பிள்ளைகள் கையில் இருக்கும். அன்று இரவு உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். அடுத்த டெஸ்ட் 15 நாள் கழித்து."

"பலரும்" என்று எழுதும்போது உண்மையிலேயே பலர் செய்த தவறாக இருக்கட்டும். ஒரே ஒரு பிள்ளை செய்த தவறைப் பொதுவாகச் சொல்வதுபோல எழுதினாலும் அந்தப் பிள்ளைக்கு அது தன்னைப் பற்றியதுதான் என்று தெரிந்துவிடும்.

டெஸ்ட் ரிசல்ட் வருகிற இரண்டு நாளைக்குக் குரூப்பில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று அமைப்பை மாற்றி வையுங்கள். இல்லையென்றால் யாராவது ஒரு அப்பா, "என் பையன் 96, நன்றி மிஸ்" என்று போடுவார். பின்னாலேயே கைதட்டல் படமாக வரும். இன்னொருவர் 93 என்பார். நீங்கள் போடாத லிஸ்ட்டை அவர்கள் போட்டு முடித்துவிடுவார்கள்.

தனிச் செய்திக்கு வருவோம். இதில்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். வெறும் "38/100" என்று அனுப்பினால், குரூப்பில் பட்ட அவமானம் வீட்டுக்குள் வந்தது என்பதைத் தவிர ஒன்றும் மாறாது. 38 எடுத்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கவிதா என்று வைத்துக்கொள்ளுங்கள். போன டெஸ்ட்டில் 31. இந்த முறை ஒரு மதிப்பெண்ணில் 14-க்கு 9, இரண்டு மதிப்பெண்ணில் 20-க்கு 11, ஐந்து மதிப்பெண்ணில் 50-க்கு 13, கடைசிப் பகுதியில் 16-க்கு 5. இந்தக் கடைசி 5-ஐப் பாருங்கள். அது முழுக்க வரைபடத்தில் வந்தது. அட்டவணை சரி, புள்ளிகள் சரி. அளவுத்திட்டம் எழுதவில்லை, வளைவாகப் போக வேண்டிய பரவளையத்தை ஸ்கேல் வைத்து நேர்கோடு நேர்கோடாக இணைத்துவிட்டாள். வடிவியலைத் தொடவே இல்லை. இந்தப் பெண்ணுக்கு மார்க் எங்கிருந்து வரும் என்பது இதிலேயே தெரிகிறது. ஐந்து மதிப்பெண் கணக்குகள் ஒரு மாதத்தில் சரியாகாது. தொடுகோடு வரைவதும் வரைபடமும் இரண்டு வாரப் பயிற்சியில் வந்துவிடும். அவள் அம்மாவுக்கு இப்படி எழுதுவேன்:

"வணக்கம். கவிதா சனிக்கிழமை டெஸ்ட்டில் 38 எடுத்திருக்கிறாள். போன முறை 31. வரைபடத்தில் புள்ளிகளை எல்லாம் சரியாகக் குறித்திருக்கிறாள். கோட்டை வளைவாக வரையாததாலும் அளவுத்திட்டம் எழுதாததாலும் 3 மதிப்பெண் போய்விட்டது. வடிவியல் வினாவை எழுதவில்லை. செவ்வாயும் வியாழனும் வகுப்பு முடிந்து 20 நிமிடம் அதை மட்டும் வரையச் சொல்லித் தருகிறேன். 7.20-க்கு வந்து அழைத்துப் போங்கள். வீட்டில் நீங்கள் ஒன்று மட்டும் பாருங்கள்: காம்பஸில் பென்சில் ஆடாமல் இறுக்கமாக இருக்கிறதா என்று. விடைத்தாள் அவளிடம் இருக்கிறது. அவளே காட்டுவாள்."

இதில் பொய்யான பாராட்டு கிடையாது. "நன்றாக முயற்சி செய்கிறாள்" என்று எல்லோருக்கும் எழுதினால் இரண்டாவது முறையே யாரும் நம்ப மாட்டார்கள். புள்ளிகளைச் சரியாகக் குறித்தாள் என்பது விடைத்தாளிலேயே இருக்கிறது, அம்மாவே பார்த்துக்கொள்ளலாம். காம்பஸைப் பார்க்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரியாத அம்மாவிடம், "வீட்டில் படிக்க வையுங்கள்" என்று எழுதினால் அவரால் செய்ய முடிவது திட்டுவது ஒன்றுதான். செய்யக்கூடிய ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிட்டால் அதைச் செய்வார். ஆடுகிற காம்பஸால் வட்டம் மூடாமல் போய், வினாவையே விட்டுவிடுகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

27 பேருக்கு இப்படி எழுத ஒரு மணி நேரம் போலப் பிடிக்கும். திருத்தும்போதே பக்கத்தில் ஒரு வரி குறித்துக்கொண்டே போனால் குறையும். கூகுள் ஷீட்டில் எழுதுகிறவராக இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். A-யில் பெயர், B-யில் பத்து இலக்க ஃபோன் நம்பர், C-யில் முழுச் செய்தி. முதல் வரிசையைத் தலைப்புக்கு விட்டு, D2-வில் இதைப் போட்டுக் கடைசிப் பெயர் வரை கீழே இழுத்துவிடுங்கள்:

```
=HYPERLINK("https://wa.me/91"&B2&"?text="&ENCODEURL(C2),"அனுப்பு")
```

'அனுப்பு' என்பதைத் தொட்டால் அந்த அம்மாவின் சாட் திறந்து, செய்தி தயாராக எழுதப்பட்டிருக்கும். தானாகப் போகாது, படித்துப் பார்த்து நீங்கள்தான் அனுப்ப வேண்டும். அது நல்லதுதான். ஷீட்டில் ஒரு பத்தியை மட்டும் தனியாக வரிசைப்படுத்திவிட்டால் ஒருவர் செய்தி இன்னொருவர் நம்பருக்கு நேராகப் போய் நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு செய்தியிலும் வணக்கத்துக்கு அடுத்த சொல்லே பிள்ளையின் பெயராக இருக்கட்டும். மேலே தெரிகிற சாட்டின் பெயரோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். அதை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார்கள், அப்போது வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. குரூப்பில் இருக்கிற நம்பர் யாருடையது என்பதையும் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அம்மா நம்பர் என்று நாம் நினைத்திருப்பது பல வீடுகளில் பெரியப்பா மகனின் நம்பராக இருக்கும்.

செய்தி போவதற்கு முன்னால் விடைத்தாள் பிள்ளையின் கைக்குப் போயிருக்க வேண்டும், இதில் மட்டும் சமாதானம் வேண்டாம். தன் மார்க்கை அப்பா வாயிலிருந்து முதலில் கேட்கிற பிள்ளைக்குப் பேச எதுவுமே இருக்காது. தாளைத் திங்கள் மாலை வகுப்பில் கொடுங்கள். மொத்த மதிப்பெண்ணை முதல் பக்கத்தின் மேலே வட்டம் போட்டு எழுதாமல், கடைசிப் பக்கத்தின் உள்ளே எழுதி, மடித்துக் கொடுங்கள். உட்கார்ந்திருக்கிற வரிசையில் கொடுங்கள். "எவ்வளவுடா?" என்று அவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வதை நம்மால் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். சொல்வதா வேண்டாமா என்பது அந்தப் பிள்ளையின் விருப்பமாக இருக்கும், அது போதும். அன்று இரவு அவர்கள் வீடு போய்ச் சேர்ந்து அரை மணி நேரம் கழித்துச் செய்தியை அனுப்புங்கள். தாளைத் தானே காட்டுவதற்கு அந்த நேரம்.

ஒன்றிரண்டு வீடுகளுக்கு எழுத்தில் எதுவுமே அனுப்பாதீர்கள். மார்க் குறைந்தால் அடிக்கிற வீடு எது என்று உங்களுக்கே தெரியும். கையில் தழும்பைப் பார்த்திருப்பீர்கள், அல்லது, "அப்பாகிட்ட சொல்லாதீங்க மிஸ்" என்று அந்தப் பிள்ளை கெஞ்சியிருக்கும். அங்கே அப்பாவையோ அம்மாவையோ, யார் நிதானமாகக் கேட்பார்களோ அவரை நேரில் வரச் சொல்லி, தாளை நடுவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அடிபடுகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் அது மார்க் விஷயமே இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ல் கேளுங்கள், எப்படிப் போக வேண்டும் என்று சொல்வார்கள்.

கடைசியாக, நீங்கள் பயப்படுகிற அந்தப் பெற்றோர். "என் பையன் எத்தனாவது?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். குரூப்பில் பதில் சொல்லாமல் தனியாகச் சொல்லுங்கள்: "சார், நான் இப்போது ரேங்க் போடுவதில்லை. அவன் 94. விட்டுப்போன 6-ல் ஐந்து ஒரே இடத்தில் போயிருக்கிறது, நிகழ்தகவில். பொதுத்தேர்வுக்குள் அதைச் சரிசெய்துவிடலாம்." பெரும்பாலானவர்கள் இதிலேயே அடங்கிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது தன் பிள்ளையைப் பற்றிய தகவல்தான், ரேங்க் அதைக் கேட்கிற ஒரு பழகிய வழி. அதற்கு மேலும் விடாதவரிடம், பொதுத்தேர்வுக்கே 2017 முதல் தமிழ்நாட்டில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டார்கள், பதிவெண்ணும் பிறந்த தேதியும் போட்டு அவரவர் மார்க்கை அவரவர் பார்த்துக்கொள்வதுதான் முறை, நானும் அதையே பின்பற்றுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். இதற்காகவே ஒருவர் பிள்ளையை வேறு டியூஷனுக்கு மாற்றினாலும் மாற்றுவார். அந்த நஷ்டம் உங்களுக்கு வரக்கூடும், வராது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இப்போதைய முறையிலும் ஒரு பெண் போய்விட்டாள், அதையும் அதே கணக்கில் எழுதுங்கள்.

அந்தப் பெண் திரும்பி வருகிற அன்று, "வாம்மா, எங்கே போயிருந்தே" என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். வழக்கமாக உட்காருகிற இடத்தை அவளுக்காகக் காலியாக வைத்திருங்கள். அன்று எடுக்கிற பாடம், நீங்கள் அவள் வீட்டில் சொல்லிவிட்டு வந்ததாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு ஆசிரியர்